70-ஆ, 90-ஆ? காலாண்டுக் கூட்டத்தை எழுதிவைக்கும் வேலை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கும், அதனிடம் குழந்தைகள் உடுப்பு வாங்கும் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடியோ அழைப்பில் கூட்டம் நடக்கும். காலாண்டு ரிவ்யூ என்பார்கள். எத்தனை ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போனது, எத்தனை லாட் இன்ஸ்பெக்‌ஷனில் தேறியது, எங்கே சறுக்கியது, இனி யார் என்ன செய்வது என்று பேசி முடிக்க ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். அதன் பிறகு கையில் மிஞ்சுவது யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதும் இரண்டு பக்கச் சுருக்கம்தான். பெரும்பாலும் அந்த வேலை கம்பெனியின் மெர்ச்சண்டைசர் தலையில் விழும்.

அடுத்த மூன்று மாதம் இரு தரப்பும் சண்டை போடுவதும் சமாதானமாவதும் அந்த இரண்டு பக்கத்தை வைத்துத்தான். தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பிய செலவு யாருடையது, அடுத்த சீசனில் ஆர்டர் கூடுமா குறையுமா, பையரின் பட்டியலில் கம்பெனி எந்தத் தரத்தில் நிற்கிறது என்ற கேள்விகள் எழும்போது எல்லோரும் தேடிப் போவது அதைத்தான். அதனால் அதை எப்படி எழுதுவது என்பதை ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு. கூட்டம் அக்டோபர் 8 அன்று. எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்திருக்கிறேன். ஆனால் சிக்கல்கள் ஒவ்வொன்றும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தினம் பார்ப்பவை.

முதல் சிக்கல் முதல் ஸ்லைடிலேயே வந்துவிடும். பையர் காட்டும் ஸ்லைடில் ‘நேரத்துக்கு டெலிவரி 70 சதவீதம், இலக்கு 95’ என்று இருக்கிறது. கம்பெனியின் எக்ஸெல் ஃபைலில் அதே காலாண்டுக்கு 90 சதவீதம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மொத்தம் 40 ஆர்டர். முதலில் பி.ஓ.வில் போட்ட தேதிக்குள் போனவை 28; அதுதான் பையரின் 70. மிச்சம் 12-இல் 8 ஆர்டருக்குப் பையரே இடையில் மெயில் அனுப்பி தேதியைத் தள்ளிக் கொடுத்திருந்தார். அந்தப் புதுத் தேதிக்குள் அவை போய்விட்டன. அவற்றையும் சேர்த்தால் 36; அதுதான் கம்பெனியின் 90. பையரின் கம்ப்யூட்டருக்கு மெயில் தெரியாது. பி.ஓ.வில் தேதி மாற்றப்படாதவரை பழைய தேதியை வைத்துத்தான் அது கணக்குப் போடும்.

அவசரத்தில் எழுதுகிறவர் இந்த இடத்தில் ஏதாவது ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடுவார். கம்பெனி ஆள் எழுதினால் 90, பையர் ஆள் எழுதினால் 70. அப்படி ஒன்றை மட்டும் எழுதிய சுருக்கத்தை மறுதரப்பு ஒரு நாளும் முழு மனதோடு ஏற்காது. எழுத வேண்டியது இரண்டு எண்ணும், எதை வைத்து அவை வந்தன என்பதும், இடைவெளியில் இருக்கும் 8 ஆர்டரும்தான். அதோடு, எந்தக் கணக்கில் பார்த்தாலும் 95 எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 90 என்ற எண்ணைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிக்குத் தான் ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும். இலக்கு அதற்கும் மேலே இருப்பதை அந்த நினைப்பு மறைத்துவிடுகிறது.

சதவீதத்தை மட்டும் எழுதாமல் ‘40-இல் 28’, ‘40-இல் 36’ என்று எழுதச் சொல்வேன். அப்படி எழுதினால்தான் எந்த ஆர்டர் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால்தான் பேச்சு நகரும். நம் கூட்டத்திலும் அப்படித்தான் நகர்ந்தது. 8 ஆர்டரையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஐந்தில், சாயத்துக்கான கலர் ஒப்புதல் தங்கள் பக்கம் தாமதமானதைப் பையர் ஒப்புக்கொண்டார். மூன்றில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூன்றுக்கும் ஜிப், லேபிள் போன்ற டிரிம்ஸ் பையர் சொன்ன சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். அந்த சப்ளையர் நேரத்துக்குக் கொடுக்கவில்லை என்றது கம்பெனி. நீங்கள் ஆர்டர் போட்டதே தாமதம் என்றார் பையர். கூட்டத்தில் இது தீரவில்லை. தீராததைத் தீராததாகவே எழுதுவது சுருக்கம் எழுதுகிறவரின் கடமை. ‘3 ஆர்டர்: காரணம் பற்றி உடன்பாடு இல்லை. கம்பெனி சொல்வது இது, பையர் சொல்வது இது’ என்று இரண்டு வரி. தீர்ப்பு சொல்கிற வேலை அவருடையது இல்லை.

எந்தக் கணக்கிலும் தேறாமல் நின்ற 4 ஆர்டர் கம்பெனியின் பொறுப்பு. இரண்டில் கலர் ஷேடு மாறி துணியை மறுபடி டையிங் போட வேண்டியிருந்தது. இரண்டில் பிரிண்டிங் வெளியே கொடுத்த இடத்தில் தாமதம். இதையும் அதே நேரான மொழியில் எழுத வேண்டும். பையரின் 5 ஆர்டருக்குத் தேதியும் விவரமும் கொடுத்துவிட்டு, தன் 4 ஆர்டரை ‘சில செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று மூடி எழுதும் சுருக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். பிறகு மீதி வரிகளையும் அவர் நம்ப மாட்டார்.

கலர் ஒப்புதலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கூட்டத்தின் முக்கியமான வாக்குறுதியே அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பையர் ஒரு கலரைச் சொன்னதும், சாயப்பட்டறையின் லேபில் சின்னத் துணித் துண்டுகளை அந்தக் கலருக்கு அருகில் இரண்டு மூன்று விதமாகச் சாயமிட்டு அனுப்புவார்கள். லேப் டிப் என்று பெயர். அது கூரியரில் இங்கிலாந்து போய், அங்கே டிசைன் பிரிவினர் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான விளக்கிலும் கடை வெளிச்சத்துக்கான விளக்கிலும் வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்வு செய்து சொல்ல வேண்டும். அதுவரை பல்க் டையிங் தொடங்க முடியாது. டையிங் ஆகாமல் காம்பாக்டிங் இல்லை, கட்டிங் இல்லை, தையல் இல்லை. ஒப்புதல் ஒரு வாரம் தள்ளினால் ஷிப்மெண்டும் ஒரு வாரம் தள்ளும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். திருப்பூரில் அது அதற்கு மேலும் தள்ளும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, சாயக் கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் ஓடுகின்றன. எவ்வளவு சாயம் போடலாம் என்பதற்கு அதுவே ஒரு வரம்பு. உங்களுக்கு ஒதுக்கிய முறை தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது கூட்டத்தின் நாற்பதாவது நிமிடம். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

பையரின் சோர்சிங் மேலாளர்: “இந்த முறை கலர் ஒப்புதல் எங்களால் தாமதமானது உண்மைதான். அடுத்த சீசனில் ஐந்து வேலை நாளில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். டிசைன் டீமிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்.”

கம்பெனி எம்.டி.: “அப்படிக் கொடுத்தீர்களென்றால் நாங்கள் 95 நிச்சயம் தருகிறோம் சார்.”

இதைச் சுருக்கமாக எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள்: ‘பையர் ஐந்து நாளில் கலர் ஒப்புதல் தருவார். கம்பெனி 95 சதவீதம் டெலிவரி தரும்.’ படிக்க நன்றாக இருக்கிறது. இரண்டு வரியும் தவறு.

பையர் ஐந்து நாள் தருவதாக ஒப்புக்கொள்ளவில்லை. டிசைன் டீமிடம் பேசிவிட்டுச் சொல்வதாகத்தான் ஒப்புக்கொண்டார். அவர் கொடுத்த வாக்கு அந்தப் பேச்சுதான்; ஐந்து நாள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எப்போது சொல்வார் என்பதும் பேச்சில் இல்லை. எனவே எழுத வேண்டியது: ‘5 வேலை நாள் கெடு பற்றி சோர்சிங் மேலாளர் டிசைன் பிரிவிடம் பேசி முடிவைத் தெரிவிப்பார். தேதி சொல்லப்படவில்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத் துணிய வேண்டும். தேதி இல்லாத இடத்தில் நாமே ஒரு தேதியைப் போட்டால் அது பொய். தேதி இல்லை என்பதையே விட்டுவிட்டால் அந்த வேலை யாருடைய காலண்டரிலும் ஏறாது. தேதி சொல்லப்படவில்லை என்ற வரியைப் பார்த்ததும் பொறுப்புள்ள மனிதர் பதில் மெயிலில் ஒரு தேதி கொடுத்துவிடுவார்.

எம்.டி.யின் வரியில் நடந்த தவறு இன்னும் பெரியது. அவர் சொன்னதில் நிபந்தனை இருக்கிறது. ‘அப்படிக் கொடுத்தீர்களென்றால்’ என்ற பாதி சுருக்கத்தில் உதிர்ந்துவிட்டால், கம்பெனி எந்த நிபந்தனையும் இல்லாமல் 95-க்குக் கையெழுத்துப் போட்டதாக ஆகிறது. அடுத்த காலாண்டில் ஒப்புதல் மறுபடி இரண்டு வாரம் ஆகலாம். 95 எட்டாமல் போகலாம். ‘போன முறை ஒப்புக்கொண்டீர்களே’ என்று இந்த ஒரு வரியை எடுத்துக் காட்டுவார்கள். நிபந்தனையும் வாக்கும் ஒரே வாக்கியத்தில் பிரிக்க முடியாதபடி இருக்க வேண்டும்: ‘லேப் டிப் ஒப்புதல் 5 வேலை நாளில் கிடைக்கும் ஆர்டர்களுக்கு 95 சதவீதம் நேரத்துக்கு டெலிவரி தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது.’ இப்படி எழுதும்போது அளவிடும் முறையும் தானாகவே தெளிவாகிறது. ஒப்புதல் தாமதமான ஆர்டர்கள் அந்த 95-இன் கணக்கில் வராது.

கூட்டம் முடிந்ததும் மெர்ச்சண்டைசர் எம்.டி. அறைக்குப் போனார். “சார், 95 தர்றோம்னு சொல்லீட்டீங்க. அப்ரூவல் வந்தால்தான்னு கண்டிஷனோட எழுதட்டுங்களா? அவங்க தப்பா எடுத்துக்குவாங்களோன்னு இருக்குங்க.” எம்.டி. யோசிக்கவே இல்லை. “நான் சொன்னதே அப்படித்தானுங்க. சொன்னதை எழுதறதுல என்ன தப்பு? எழுதீருங்க.”

அந்தத் தயக்கம் திருப்பூரில் மட்டும் இருப்பது இல்லை. வாங்குகிறவர் பெரியவர், விற்கிறவர் சிறியவர் என்ற நிலை இருக்கும் எல்லாத் தொழிலிலும் சுருக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. விற்கிறவர் செய்ய வேண்டியவை பன்னிரண்டு வரி, வாங்குகிறவர் செய்ய வேண்டியது ஒரு வரி. அந்த ஒரு வரியும் ‘பையர் ஆதரவு அளிப்பார்’ என்பது மாதிரி பிடி கிடைக்காத வரியாக இருக்கும். எனக்கு இது மனதை உறுத்தும் விஷயம். மூன்று மாதம் கழித்து அதே ஒப்புதல் தாமதத்தால் சரக்கு விமானத்தில் போகும்போது பணம் கட்டுவது அந்தச் சிறியவர்தான். மரியாதையாகவும் உண்மையாகவும் எழுத ஒரு வழி இருக்கிறது. ஆளைக் குறை சொல்லாமல் நடந்ததைத் தேதியோடு எழுதுவது. ‘பையரின் தாமதத்தால்’ என்று எழுதினால் கோபம் வரும். ‘லேப் டிப் ஜூலை 4 சேர்ந்தது, ஒப்புதல் ஜூலை 22 வந்தது’ என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. தன் தவறையும் அதே விதத்தில் எழுதும் கம்பெனிக்கு இந்த உரிமை தானாகவே வந்துவிடுகிறது.

ஐந்து வேலை நாள் என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எந்த நாளிலிருந்து ஐந்து? கூரியர் திருப்பூரில் கிளம்பிய நாளா, லண்டன் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய நாளா? இடையில் மூன்று நான்கு நாள் போய்விடும். கூட்டத்தில் யாரும் கேட்காவிட்டால் சுருக்கத்தை அனுப்பும்போது ஒரு கேள்வியாகக் கேட்டுவிட வேண்டும். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதும் அப்படித்தான். லண்டனில் அக்டோபர் முதல் வாரம் வெள்ளி மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 9.30. கட்டிங் டேபிளில் துணி விரித்துக் காத்திருப்பவர்களுக்கு அந்த வெள்ளி கிடைக்காது, சனிக்கிழமைதான் கிடைக்கும்.

இனி தரத்துக்கு வருவோம். 40 இறுதி இன்ஸ்பெக்‌ஷனில் முதல் தடவையே தேறியவை 35. அதாவது 87.5 சதவீதம், இலக்கு 95. தேறாத ஐந்தும் இந்தச் சதவீதத்துக்குள் ஒரே மாதிரி படுத்திருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

இன்ஸ்பெக்‌ஷன் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். 6,000 பீஸ் கொண்ட ஒரு லாட்டில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி, வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில், 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு ஏ.கியூ.எல். 2.5 என்ற அளவை வைத்துக்கொண்டால் 10 குறை வரை லாட் தேறும். 11 வந்தால் தேறாது. நம் ஐந்தில் ஒரு லாட் 11 குறையோடு தோற்றது. இன்னொன்று 26 குறையோடு தோற்றது. முதலாவது நூலிழையில் தவறியது. இரண்டாவதில் ஒரு தையல் லைனே சரியில்லை. மற்ற இரண்டிலும் சாதாரணத் தையல் குறைகள். இந்த நாலு லாட்டையும் பிரித்துச் சரிசெய்து மறு சோதனையில் தேற்றிவிட்டார்கள்.

ஐந்தாவது வேறு ரகம். கைக்குழந்தைக்கான ராம்பரில் பிரஸ் பட்டன் ஒன்று இழுத்துப் பார்க்கும் சோதனையில் கழன்று வந்துவிட்டது. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கும். இதற்கு 10, 11 என்ற கணக்கே கிடையாது. ஒன்று கழன்றாலே லாட் நின்றுவிடும். இதை 87.5-க்குள் புதைத்து எழுதினால், ஐந்தில் ஒன்று என்ற எடைதான் அதற்குக் கிடைக்கும். கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பதினைந்து நிமிடம் பேசினார்கள். சுருக்கத்திலும் அதற்குத் தனி வரி வேண்டும். தவறிய இலக்குகளில் அதுதான் முதலில் வர வேண்டும். எந்த விஷயத்துக்கு முன்னிடம் தருவது என்பது ஸ்லைடு வரிசையைப் பார்த்து முடிவாகக் கூடாது. விளைவைப் பார்த்து முடிவாக வேண்டும்.

பட்டன் விஷயத்தில் கம்பெனி தந்த வாக்கு, வாக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம். கியூ.ஏ. மேனேஜர் பேசியது: “பட்டன் அடிக்கும் ஒவ்வொரு மெஷினிலும் ஷிப்ட் தொடங்கும்போதும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் புல் டெஸ்ட் எடுத்து ரெஜிஸ்டரில் எழுதுவோம். அக்டோபர் 15 முதல். ரெஜிஸ்டர் பக்கத்தை வாரா வாரம் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.” யார், என்ன, எப்போதிலிருந்து, செய்தார்களா என்று எதை வைத்துப் பார்ப்பது, நாலும் இருக்கிறது. இதைச் சுருக்கும்போது ‘பட்டன் தரம் மேம்படுத்தப்படும்’ என்று எழுதிவிட்டால் நாலும் போய்விடும். சுருக்குவது என்றால் பேச்சைக் குறைப்பது. இந்த நாலில் எதையும் குறைக்கக் கூடாது.

அடுத்தது ஒரு அபாயமான வாக்கியம். கூட்டம் முடியும் நேரம், எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும்போது சோர்சிங் மேலாளர் சொன்னார்: “ஸ்பிரிங் சீசனில் வால்யூம் இருபது சதவீதம் வரை கூடும் என்று நினைக்கிறோம்.” கம்பெனிக்காரர்களின் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருக்கும். அதை ‘பையர் 20 சதவீதம் கூடுதல் ஆர்டர் தருவார்’ என்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் காட்டி மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆர்டர் வராமல் போனால் பையர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவர் நினைப்பதாகத்தான் சொன்னார். இந்த மாதிரிப் பேச்சை விட்டுவிடவும் கூடாது. நூல் வாங்குவதைத் திட்டமிட அது உதவும். ஆனால் வாக்குகளோடு சேர்க்காமல் ‘தகவலாகச் சொல்லப்பட்டவை’ என்று தனியாக எழுத வேண்டும். ‘வரை’, ‘நினைக்கிறோம்’ ஆகிய சொற்களையும் அப்படியே வைக்க வேண்டும்.

விமானச் செலவும் இப்படித் தனி இடத்தில் நிற்க வேண்டியது. இரண்டு ஆர்டர் விமானத்தில் போயிருந்தது. பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமா என்று எம்.டி. கேட்டார். பையர், “ஃபைனான்ஸிடம் கேட்டுப் பார்க்கிறேன்” என்றார். மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ‘முடிவாகாதவை’ என்ற பகுதியில்தான் இதற்கு இடம். யார் கேட்டது, யார் பதில் சொல்ல வேண்டும் என்ற இரண்டு விவரமும் கூடவே இருக்க வேண்டும்.

ஸ்லைடில் இருந்தும் பேசாமல் விட்டுப்போனதும் ஒன்று உண்டு. பதினான்காவது ஸ்லைடு பில்லுக்குப் பணம் வரும் நாட்களைப் பற்றியது. 60 நாளில் வர வேண்டியது சராசரியாக 74 நாள் ஆகியிருந்தது. நேரம் போதாமல் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். சுருக்கத்தில் அதைப் பற்றி எதுவுமே இல்லாவிட்டால், பிறகு படிப்பவர் அதில் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்வார். ‘ஸ்லைடு 14, பணம் வரும் நாட்கள்: நேரமின்மையால் பேசப்படவில்லை’ என்ற ஒரே வரி போதும். கம்பெனி தன் ஸ்லைடை முடிவில் வைத்ததால்தான் நேரம் இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை அதை முன்னால் கொண்டுவர வேண்டும்.

எழுதும் வேலை உண்மையில் கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முந்தைய காலாண்டின் சுருக்கத்தையும் இரு தரப்பு ஸ்லைடுகளையும் எடுத்து, எண்களை முன்னமே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், கூட்டத்தில் காது வாக்குகளின் மேல் மட்டும் இருக்கலாம். வாக்கு வரும்போது நேரத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் பதிவில் அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு உச்சரிப்பும் இழுக்கும் இணைப்பும் சேர்ந்தால் ‘ஃபிஃப்டீன்’ ‘ஃபிஃப்டி’யாகக் கேட்கும், ‘கான்ட்’ ‘கேன்’ ஆகக் கேட்கும். வாயில் சொன்ன எண்ணும் ஸ்லைடில் இருந்த எண்ணும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

கடைசி ஐந்து நிமிடத்தை வாக்குகளை வாசித்துக் காட்ட ஒதுக்கச் சொல்லி எம்.டி.யிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் அழைப்பில் இருக்கும்போது வாசித்தால், “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பது அங்கேயே வந்துவிடும். மெயிலில் வந்தால் அதற்கு ஒரு வாரம் போகும். நம் மெர்ச்சண்டைசர் வாசித்தபோது சோர்சிங் மேலாளரே ஒரு திருத்தம் கொடுத்தார்: இனி தேதியைத் தள்ளும்போது மெயிலோடு நிறுத்தாமல் இரண்டு வேலை நாளுக்குள் பி.ஓ.விலும் மாற்றிவிடுவோம், நவம்பர் 1 முதல். 70-க்கும் 90-க்கும் இருந்த இடைவெளியின் வேர் அதுதான். வாசித்துக் காட்டாவிட்டால் அது பேச்சில் வந்திருக்காது.

மறுநாள் அனுப்பிய சுருக்கத்தின் ஒரு பகுதி இப்படி இருந்தது:

நேரத்துக்கு டெலிவரி. இலக்கு 95. முதல் பி.ஓ. தேதிப்படி 40-இல் 28. மெயிலில் மாற்றிய தேதிப்படி 40-இல் 36. இரண்டு கணக்கிலும் இலக்கு தவறியது. இடைவெளியான 8-இல் 5-க்குக் கலர் ஒப்புதல் தாமதம் காரணம் என்பதில் இரு தரப்பும் உடன்பாடு. 3-இல் உடன்பாடு இல்லை (டிரிம்ஸ்). மீதி 4 கம்பெனியின் பொறுப்பு: மறு டையிங் 2, பிரிண்டிங் 2.

பையர் செய்ய வேண்டியவை. தேதி மாற்றத்தை 2 வேலை நாளுக்குள் பி.ஓ.வில் ஏற்றுதல், நவம்பர் 1 முதல், சோர்சிங் மேலாளர். 5 வேலை நாள் கலர் ஒப்புதல் பற்றி டிசைன் பிரிவின் முடிவைத் தெரிவித்தல், சோர்சிங் மேலாளர். தேதி சொல்லப்படவில்லை, தெரிவிக்கவும். ஐந்து நாள் எந்த நாளிலிருந்து என்பதையும் தெரிவிக்கவும்.

கம்பெனி செய்ய வேண்டியவை. பட்டன் புல் டெஸ்ட், ஷிப்ட் தொடக்கத்திலும் 2 மணிக்கு ஒருமுறையும், அக்டோபர் 15 முதல், கியூ.ஏ. மேனேஜர், ரெஜிஸ்டர் நகல் வாரம்தோறும். ஒப்புதல் 5 வேலை நாளில் கிடைக்கும் ஆர்டர்களுக்கு 95 சதவீதம் டெலிவரி, எம்.டி.

மெயிலின் முடிவில், திருத்தம் இருந்தால் இரண்டு வேலை நாளுக்குள் சொல்லும்படி ஒரு வரி. பையரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது: டிசைன் பிரிவின் முடிவை அக்டோபர் 17-க்குள் சொல்கிறேன், ஐந்து நாள் என்பது கூரியர் எங்கள் அலுவலகம் சேர்ந்த நாளிலிருந்து.

இந்தத் தாளுக்கு ஒரு எல்லை உண்டு. இது ஒப்பந்தம் இல்லை. விலை, தேதி, அளவு எல்லாம் பி.ஓ.விலும் பையர் கொடுத்த விதிமுறைக் கையேட்டிலும் உள்ளபடிதான். சுருக்கத்தில் எழுதிவிட்டோம் என்று பி.ஓ.வைத் திருத்தாமல் விட்டால் பழைய தேதிதான் செல்லும். இன்னொரு கம்பெனியின் விலையைப் பற்றிப் பையர் வாய்தவறிச் சொன்னது, யாரோ குரல் உயர்த்திப் பேசியது போன்றவையும் இதில் வரக் கூடாது. இந்த மெயில் எத்தனை பேருக்கு ஃபார்வர்டு ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரியில் அடுத்த கூட்டம். புது ஸ்லைடுக்கு முன்னால் இந்தத் தாளைத்தான் திறப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே முடிந்தது, முடியவில்லை, கைவிட்டோம் என்று ஏதாவது ஒன்று எழுதப்படும். கைவிட்டோம் என்பதற்கு இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். மூன்று கூட்டமாக ‘முடியவில்லை’ என்றே நகரும் வரி இருந்தால், அதை நாலாவது தடவை அப்படியே நகல் எடுக்காமல், அந்த வேலையைச் செய்ய அதிகாரம் உள்ளவரை அழைப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கலர் ஒப்புதல் விஷயத்தில் அது டிசைன் பிரிவின் தலைவர். அக்டோபர் கூட்டத்தில் அவர் இல்லை.